கண்ணை மூடினால் அந்த பஸ்ஸுக்குள் போய்விடுகிறேன்

வணக்கம் மேடம். எனக்கு 43 வயது, சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது பஸ் கவிழ்ந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் நெஞ்சு நசுங்கி, முக்கால் மணி நேரம் இருட்டில் கிடந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி என் பக்கத்திலேயே போய்விட்டாள். கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் இன்னும் தூக்கம் சரியில்லை. மகள் சொன்னாள் என்று கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புக்கு ஐந்து வாரமாகப் போகிறேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு அமைதி வருகிறது. எனக்கு நெஞ்சு இறுகுகிறது, டீசல் வாசம் அடிக்கிறது. சில சமயம் ஒன்றுமே தெரியாமல், தூரத்தில் நின்று என்னையே பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. அன்று ராத்திரி சுத்தமாகத் தூக்கம் கிடையாது. மாஸ்டரிடம் சொன்னதற்கு, “உள்ளே இருக்கிறது வெளியே வருது, விடாமல் உட்காருங்க. டிசம்பரில் பத்து நாள் மௌன முகாம் இருக்கு, வாங்க, சரியாகிடும்” என்கிறார். முன்பணமும் கட்டிவிட்டேன். நான்தான் தப்பாகச் செய்கிறேனா? முகாமுக்குப் போகலாமா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

முகாமுக்குப் போகாதீர்கள். கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பதையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நீங்கள் தப்பாகச் செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்ததால்தான் இப்படி ஆகிறது. ஏன் என்று விளங்கினால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் விளங்கும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவ உளவியலாளர், டாக்டர் அல்ல. மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று பெயர் வைக்கவும் மாட்டேன்.

மைண்ட்ஃபுல்னஸ் என்றால் அமைதி என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அமைதி வந்தால் வரட்டும், ஆனால் அங்கே நடக்கிற வேலை வேறு. அது கவனத்துக்குக் கொடுக்கிற பயிற்சி. மூச்சில் கவனத்தை வைக்கிறோம். கொஞ்ச நேரத்தில் மனம் மகள் ஃபீஸ், சமையல், சம்பளம் என்று எங்கேயோ போய்விடுகிறது. போனது நமக்கே தெரியாது. திடீரென்று ஒரு நொடியில் “அடடா, போய்விட்டேனே” என்று தெரிகிறது. கவனத்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப மூச்சுக்குக் கொண்டுவருகிறோம். 2012-இல் வெண்டி ஹேசன்காம்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், தியானத்தில் பழகியவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனம் அலைந்தது தெரியவந்த நொடியில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அலைவது, அலைந்தது தெரிவது, கவனத்தைத் திருப்புவது, நிறுத்திவைப்பது என்ற நான்கு கட்டங்களிலும் மூளையில் வேலை செய்கிற பகுதிகள் வேறு வேறாக இருந்தன. பத்து நிமிஷத்தில் முப்பது தடவை மனம் ஓடி, முப்பது தடவையும் நீங்கள் கண்டுபிடித்துத் திரும்பினால், முப்பது தடவை பயிற்சி நடந்தது என்று கணக்கு. ஓடியதே தோல்வி என்று நினைப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். “தெரிந்தது” என்கிற அந்த நொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதற்குத்தான் வருவேன்.

ஆஸ்பத்திரிக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின். 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடு மருத்துவம் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவர்களுக்காக வகுப்பு ஒன்றைத் தொடங்கினார், அதுதான் பிறகு எட்டு வார முறையாக நிலைத்தது. பௌத்தத் தியானத்திலிருந்து கவனப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்று போன் ஆப்பிலும் கோயில் மண்டபத்திலும் நடக்கிற பெரும்பாலானவை அதன் பேரப்பிள்ளைகள்தான். மூச்சை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? எங்கே போனாலும் கூட வரும், காசு கிடையாது. அதைவிட முக்கியமாக, அது சப்பென்று இருக்கும். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்படி இருப்பதால்தான் மனம் அதைவிட்டு ஓடுகிறது, ஓடுவதால்தான் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி நடக்கிறது.

உங்களுக்கு மூச்சு சப்பென்ற பொருளா, சொல்லுங்கள்?

முக்கால் மணி நேரம், நெஞ்சின் மேல் பாரம் கிடக்க, அடுத்த மூச்சு வருமா என்பதே கேள்வியாகக் கிடந்திருக்கிறீர்கள். நெஞ்சு விரிய முடியாமல் முட்டுகிற உணர்வு, இருட்டு, டீசல் நெடி, தோழியின் மௌனம் எல்லாம் ஒரே முடிச்சாக மூளையில் பதிந்திருக்கிறது. சாதாரண நினைவில் ஒரு தேதி ஒட்டியிருக்கும். மகளுடைய முதல் பள்ளி நாளை நினைத்தால் “அது அப்போது” என்று தெரிந்தபடியே நினைக்கிறோம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பதிகிற நினைவில் அந்தத் தேதி சரியாக ஒட்டுவதில்லை. அதனால் ஒரு துண்டைத் தொட்டாலும் முழு முடிச்சும் “இப்போது” நடப்பதாக எழுந்து வருகிறது. இல்லாத டீசல் வாசம் உங்களுக்கு அடிப்பது இதனால்தான். புத்தி பிசகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கண்ணை மூடச் சொன்னதும் இருட்டு வந்துவிட்டது, முதல் துண்டு. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள் என்றதும் இரண்டாவது துண்டு. மூளையின் அபாய மணி அடிக்கிறது. மணி அடித்தால் மூச்சு வேகமாகும், நெஞ்சு இறுகும். இறுகிய நெஞ்சைத்தான் நீங்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் மணி இன்னும் சத்தமாக அடிக்கிறது. “எது வந்தாலும் அதோடு இருங்கள்” என்று மாஸ்டர் குரல் கேட்கிறது. நீங்களும் இருக்கிறீர்கள். எங்கே? பஸ்ஸுக்குள். நான்கு கட்டங்களில் “போய்விட்டேன் என்று தெரிந்தது” என்ற கட்டம் இங்கே இல்லவே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் திரும்புவதும் இல்லை. ஆக, கவனத்துக்குப் பயிற்சியே நடக்கவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக விபத்துதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று வருஷமும் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் உங்களைப் போன்றவர்களைப் பார்த்த அனுபவத்தில் ஊகிக்கிறேன்: விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்குவது, வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருப்பது, கை சும்மா இல்லாமல் ஏதாவது வேலை. இவையெல்லாம் ஒரு வகையில் தடுப்புச் சுவர்கள். நீண்டகால மருந்தாக நல்லதில்லை, சரிதான். ஆனால் கண் மூடிய ஒரு நிமிஷத்தில் அத்தனை சுவரையும் ஒரேயடியாக இடித்துப்போட்டால் அன்று ராத்திரி தூக்கம் எங்கிருந்து வரும்?

“பயத்தை நேருக்கு நேர் பார்த்தால்தான் போகும் என்று நீங்களே சொல்வீர்களே” என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், மனக்காயத்துக்கு அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. நடந்ததை மீண்டும் மீண்டும் வாய்விட்டுச் சொல்லவைக்கும் முறை அது, வழக்கமாக எட்டிலிருந்து பதினைந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அங்கே எதிரில் ஒருவர் இருப்பார். உங்கள் பதற்றம் எவ்வளவு என்று அடிக்கடி கேட்பார். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரிந்து நடத்துவார். “அது அப்போது, இது இப்போது” என்கிற தேதியை நினைவின் மேல் ஒட்டுவதுதான் அங்கே வேலை. தோழி போனதற்கு “நான் கை நீட்டியிருக்கலாமோ” என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துப் பேசுவார்கள். முப்பது பேர் கண் மூடியிருக்கும் மண்டபத்தில், யாரும் ஒன்றும் கேட்காமல், நீங்கள் மட்டும் தனியாக உள்ளே போய்வருவது அதுவல்ல. உங்கள் ஊரில் பால் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டைக்குள் கத்தி எவ்வளவு போகலாம் என்பதில் ஒரு மில்லிமீட்டர்தான் விஷயமே. மீறினால் மரத்தில் காயம் விழும், பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு நெஞ்சு இறுக்கத்தைவிட அதிகக் கவலை தந்தது அந்த “தூரத்தில் நின்று பார்ப்பது”. இறுக்கம் வெளியே தெரியும். வியர்க்கும், எழுந்து ஓடத் தோன்றும். மற்றது யாருக்கும் தெரியாது. தப்பிக்க வழியில்லாத நேரத்தில் உடம்பு செய்யும் கடைசித் தந்திரம் அது, ஆளைக் கழற்றி அப்பால் வைத்துவிடும். சீட்டுக்கு அடியில் அது உங்களைக் காப்பாற்றியிருக்கும். வகுப்பில் வந்தால், பார்ப்பவர்களுக்கு ஆழ்ந்த தியானம் மாதிரியே இருக்கும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன், பந்திங் பக்கத்தில் ஒரு சின்ன வகுப்பு நடத்தினேன். பாதத்திலிருந்து தலை வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி, நாற்பது நிமிஷம். ஒரு பெண் கொஞ்சம்கூட அசையாமல் படுத்திருந்தார். முடிந்ததும் எல்லார் முன்னாலும், “பாருங்கள், எவ்வளவு அழகாக இருந்தார்” என்று பாராட்டினேன். வெளியே போனவர் செருப்பைத் தேடிக்கொண்டே நின்றார். கால் மணி நேரம் கழித்தும் நின்றார். போய்க் கேட்டால் இன்று என்ன கிழமை என்று சொல்லத் தெரியவில்லை, கை மரத்துப் போயிருக்கிறது என்றார். நாற்பது நிமிஷமும் அவர் அங்கே இருக்கவே இல்லை. நான் பாராட்டியதால் அடுத்த வாரமும் அதையே செய்திருப்பார், நல்லவேளையாகச் செருப்பு காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து யாராவது ரொம்ப அமைதியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், பக்கத்தில் போய் ஏதாவது கேட்பேன். அமைதியாக இருப்பவர் உடனே கண்ணைத் திறந்து பதில் சொல்வார். கழன்று போனவருக்குப் பதில் வர நேரமாகும், குரல் தட்டையாக இருக்கும், கண் எங்கேயோ பார்க்கும்.

டேனியல் சீகல் என்ற மனநல மருத்துவர் 1999-இல் இதற்கு ஒரு நல்ல படம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தாங்கும் அளவு என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்கு மேலே போனால் பதற்றம், கீழே போனால் மரத்துப் போதல். ஜன்னலுக்குள் இருக்கும்போதுதான் எதையும் கற்றுக்கொள்ள முடியும். பெரிய காயம் பட்டவர்களுக்கு ஜன்னல் குறுகியிருக்கும். உங்களுக்கு ஒரே வகுப்பில் மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது.

அப்படியானால் கவனப் பயிற்சியே உங்களுக்கு ஆகாதா? அப்படியும் இல்லை. பொருளை மாற்ற வேண்டும், நேரத்தைச் சுருக்க வேண்டும், கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் இது தூக்கத்துக்கு மருந்தல்ல, தரையில் கால் ஊன்றப் பழகுவது என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள் தேடுவோம். பகல் வெளிச்சத்தில், சுவரில் முதுகு சாய்த்து, வாசல் தெரிகிற மாதிரி நாற்காலி போட்டு உட்காருங்கள். மூன்று பொருளைச் சோதிக்கலாம்: சிமெண்ட் தரையில் பாதம் படுகிற குளிர்ச்சி, கையில் பிடித்த சூடான தேநீர் கிளாஸ், வெளியே கேட்கும் குருவிச் சத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் கவனம் வைத்துவிட்டு, பதற்றம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எழுதுங்கள். காலில்தான் அடிபட்டது என்பதால் பாதம் உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். மின்விசிறி ஓசையைப் பலருக்கும் சொல்வேன், ஆனால் உங்களுக்கு அது இன்ஜின் மாதிரி கேட்குமோ என்று வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எண் ஏறாத பொருள், பார்த்தால் கொஞ்சம் போரடிக்கிற பொருள், அதுதான் உங்களுடையது.

தேநீர் கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். கண் திறந்திருக்கட்டும். சூடு உள்ளங்கையில் எங்கே அதிகம், விரல் நுனியில் எப்படி, எப்போது ஆறத் தொடங்குகிறது என்று பாருங்கள். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் கிளாஸுக்குத் திரும்புங்கள். அந்த நான்கு கட்டங்களும் இங்கே முழுசாக நடக்கும், ஐந்து வாரத்தில் நடக்காதது. பஸ் நினைப்பு வந்தால் அதோடு இருக்காதீர்கள். தலையைத் திருப்பி, அறையில் இருக்கும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: காலண்டர், சாமி படம், ஜன்னல் கம்பி, அப்படி. காலண்டரில் இன்றைய தேதியையும் சத்தமாகப் படியுங்கள். பிடிக்காத எண்ணத்திலிருந்து தப்பி ஓடுவதாக இதை எண்ண வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியவைக்கிறீர்கள், பஸ்ஸுக்குள் இல்லாமல் போனது அதுதான்.

நிறுத்தும் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஆராய்ச்சியில் வந்தது அல்ல, என் கைப்பழக்கம். தொடங்கிய எண்ணைவிட இரண்டுக்கு மேல் ஏறி, எழுந்து நடந்தும் பத்து நிமிஷத்தில் இறங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்று நாள் தொடர்ந்து அப்படி ஆனால், அல்லது தூரத்தில் நின்று பார்ப்பதுபோல் மரத்துப் போகிற உணர்வு ஒரு தடவை வந்தாலும், தனியாகச் செய்வதை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். சும்மா சலிப்பு, கால் மரமரப்பு, எரிச்சல், மனம் அடங்கவில்லை என்ற அலுப்பு, இவை எல்லாருக்கும் வருவது, இவற்றுக்காக நிறுத்த வேண்டியதில்லை. வித்தியாசம் எங்கே என்றால், எரிச்சல் வரும்போதும் நாற்காலியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிறகு எப்போதாவது வரலாம், வராமலும் போகலாம். கவனப் பயிற்சிக்கு மூச்சு கட்டாயமில்லை.

இனி சிகிச்சை. மைண்ட்ஃபுல்னஸ் மட்டுமே போதுமா என்று அமெரிக்காவில் மனக்காயத்தால் அவதிப்பட்ட 116 முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். எட்டு வார முறையைச் செய்தவர்களுக்கு, வேறொரு குழு சிகிச்சையில் இருந்தவர்களைவிட உபாதை கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நோய் என்று சொல்லும் அளவிலிருந்தே வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவும் தேர்ந்த ஆசிரியர்களோடு, கண்காணிப்போடு நடந்தது. எனவே இது பக்கத்துணை. முதல் சிகிச்சை, நான் மேலே சொன்ன, மனக்காயத்துக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்தும்.

அதற்கு முதல் படி உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தான். “தூக்கம் வரவில்லை” என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். விபத்து, மூன்று வருஷம், நெஞ்சு இறுகுவது, வாசம் அடிப்பது, தன்னைத்தானே தூரத்திலிருந்து பார்ப்பது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், மகளை மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம், வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கோ தஞ்சோங் ரம்புத்தானுக்கோ எழுதித் தரலாம். இரண்டாவது பெயரைக் கேட்டதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும். பேராக்கில் அந்த ஊர்ப் பெயரே கேலிப் பெயர் ஆகிவிட்டது. 1911-இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, காலையில் போய்ப் பேசிவிட்டு மத்தியானம் வீடு திரும்பும் வெளிநோயாளிகளும் அங்கே உண்டு. தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நெஞ்சு நசுங்கிய கதையை இரவல் மொழியில் சொல்வது கஷ்டம்.

அதற்கு முன் ஏதாவது ஒரு ராத்திரி தாங்க முடியாமல் போனாலோ, தோழியோடு நானும் போயிருக்கலாம் என்ற எண்ணம் வந்தாலோ, காலை வரை காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

மாஸ்டர் மேல் கோபப்பட வேண்டாம். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. “உள்ளே இருப்பது வெளியே வருகிறது” என்பது பலருடைய சின்னச் சின்னத் துக்கங்களுக்குப் பொருந்தியும் இருக்கும். அவரிடம் விபத்துக் கதை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. “எனக்குக் கண் மூடி உட்கார்வது டாக்டரிடம் போகும் வரை வேண்டாம்” என்ற ஒரு வரி போதும். கூட்டத்தோடு இருப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் வாசல் பக்கம் கடைசி நாற்காலியில், கண் திறந்து, கையில் ஏதாவது பொருளோடு இருங்கள். நடுவில் எழுந்து போகலாம் என்று அவர் ஒத்துக்கொண்டால் மட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வகுப்பு உங்களுக்கு இல்லை.

பத்து நாள் முகாம்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை உட்கார வேண்டியிருக்கும், பேச்சு கிடையாது, போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பொறுப்பாக நடத்துகிற இடங்கள் விண்ணப்பத்திலேயே மனநல விவரம் கேட்கும். அதைக் கேட்காத இடமாக இருந்தால், சிகிச்சை முடிந்த பிறகும் நான் போகச் சொல்ல மாட்டேன். முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.